பழைய பம்ப் மேனுவலிலிருந்து மொழிபெயர்ப்பு நினைவகம்: அடுத்த பதிப்பிலும் அதே வாக்கியம் அதே தமிழில் வர

கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப், மோட்டார் கம்பெனிகளுக்கு மேனுவல் மொழிபெயர்ப்பவர்களிடம் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் வேலை இதுதான். முதல் பதிப்பு தமிழில் அச்சாகி, பம்ப் பெட்டிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டாம் பதிப்பின் ஆங்கிலம் வந்திருக்கிறது, பாதிக்கு மேல் பழையதே. புதிதாக வந்தவர் முதல் வரியிலிருந்து மறுபடி மொழிபெயர்க்க ஆரம்பிக்கிறார். விளைவு, ஒரே எச்சரிக்கை பழைய மேனுவலில் ஒரு மாதிரி, புதியதில் ஒரு மாதிரி, சில சமயம் ஒரே மேனுவலின் 4ஆம் பக்கத்தில் ஒரு மாதிரி, 11ஆம் பக்கத்தில் இன்னொரு மாதிரி. படிக்கிற விவசாயி இரண்டும் வேறு வேறு சங்கதி என்றுதான் நினைப்பார்.

இதைத் தடுப்பது மொழிபெயர்ப்பு நினைவகம். டிஎம் என்றும் சொல்வார்கள். ஆங்கில வாக்கியமும் அதன் தமிழும் ஜோடி ஜோடியாக இருக்கும் ஒரு ஃபைல், அவ்வளவுதான். திறந்து பார்த்தால் ஒவ்வொரு ஜோடியும் இப்படி இருக்கும்:

```xml
<tu>
  <tuv xml:lang="en"><seg>Do not run the pump dry.</seg></tuv>
  <tuv xml:lang="ta"><seg>தண்ணீர் இல்லாமல் பம்பை ஓட்ட வேண்டாம்.</seg></tuv>
</tu>
```

போர்வெல் சப்மெர்சிபிள் பம்ப் மேனுவல் ஒன்றை எடுத்துக்கொண்டு, முதல் பதிப்பிலிருந்து நினைவகம் கட்டி இரண்டாம் பதிப்புக்குப் பயன்படுத்துவது வரை சொல்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் OmegaT மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். வேறு மென்பொருளானாலும் வேலையின் வரிசை மாறாது.

## 1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் பதிப்பின் ஆங்கிலம் `.docx` ஆக வேண்டும். பிடிஎஃப் மட்டும்தான் இருக்கிறது என்று கம்பெனியில் சொன்னால் விடாமல் கேளுங்கள். பிடிஎஃபிலிருந்து எடுத்தால் ஒவ்வொரு வரியும் தனிப் பத்தியாகி, வாக்கியம் பாதியில் அறுந்து வரும். பாதி வாக்கியத்துக்கு ஜோடி கிடையாது.

தமிழ் விஷயத்தில் நீங்கள் அனுப்பிய கோப்பு போதாது, அச்சுக்குப் போன கடைசிக் கோப்பு வேண்டும். நடுவில் டிடிபி செய்தவரும் கம்பெனி இன்ஜினியரும் பத்து இடமாவது திருத்தியிருப்பார்கள். அந்தத் திருத்தம் இல்லாத தமிழை நினைவகத்தில் ஏற்றினால், ஏற்கெனவே பிடிபட்ட தப்பு அடுத்த பதிப்பில் உயிரோடு திரும்பி வரும்.

அப்புறம், சொல் விஷயத்தில் முடிவு சொல்ல ஒரே ஒரு ஆள். மார்க்கெட்டிங்கில் ஒருவர், சர்வீஸில் ஒருவர் என்று இரண்டு பேர் இருந்தால் அடுத்த படியே நகராது.

## 2. முதலில் சொல் பட்டியல்

பலரும் இதைத் தள்ளிப்போட்டு நேராக நினைவகம் கட்டப் போகிறார்கள். பழைய மேனுவலில் ஒரே பொருளுக்கு மூன்று சொல் இருந்தால், பட்டியல் இல்லாமல் கட்டிய நினைவகத்திலும் மூன்றும் அப்படியே ஏறும். நினைவகத்துக்குச் சரி, தப்பு தெரியாது.

நீளமான பட்டியல் வேண்டாம். ஒரு பம்ப் மேனுவலுக்கு 40 சொல் இருந்தாலே பெரும்பாலான குழப்பம் தீரும். ஆனால் அந்த 40 சொல்லையும் சர்வீஸ் மெக்கானிக் ஒருவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பல்லடத்தில் போருக்குள் மோட்டார் இறக்கி ஏற்றுகிற அண்ணன் ஒருவரிடம் பழைய மேனுவலைக் காட்டினேன். "தம்பி, உலர் ஓட்டம்னு போட்டிருக்கீங்களே, அது என்னங்க? தண்ணி இல்லாம மோட்டார் ஓடறதுங்களா? அப்டின்னா அப்டியே எழுதிப்போடுங்க" என்றார். அன்றைக்கே மாற்றிவிட்டோம். இம்பெல்லர், வைண்டிங், கேபிள், ஸ்டார்ட்டர் எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்பதும் அவர் சொன்னதுதான்.

பட்டியலை `glossary.txt` என்ற பெயரில், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் டேப் வைத்துச் சேமியுங்கள்:

```
dry running	தண்ணீர் இல்லாமல் ஓடுதல்
non-return valve	நான் ரிட்டர்ன் வால்வு
head	ஹெட்	தண்ணீர் ஏறும் மொத்த உயரம்
```

மூன்றாவது கட்டம் குறிப்புக்கு. இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு, எக்செலில் அடித்து சாதாரண டெக்ஸ்ட்டாகச் சேமிப்பது. தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும். நோட்பேடில் ஒட்டி, `UTF-8` என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள்.

வினைமுடிவையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். "கழற்றவும்" என்றா, "கழற்றுங்கள்" என்றா? எதுவானாலும் சரி, மேனுவல் முழுக்க ஒன்றே வர வேண்டும். இதைப் பின்னால் மாற்ற நினைத்தால் நினைவகத்தின் ஒவ்வொரு வரியையும் தொட வேண்டியிருக்கும்.

## 3. பழைய எழுத்துருவை யூனிகோடாக்குதல்

டிடிபி கோப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால், நகலெடுத்து ஒட்டும்போது "தமிழ்" என்ற சொல் `jkpo;` என்று வரும். மாற்றித் தரும் கருவிகள் நிறைய இருக்கின்றன. மாற்றுவதற்கு முன் ஒரு வேலை உண்டு. ஆங்கில எழுத்தில் இருக்கும் மாடல் எண், எச்.பி., வோல்டேஜ் போன்றவற்றைத் தனியே பிரித்து வையுங்கள். கருவிக்கு எது ஆங்கிலம், எது பாமினி என்று தெரியாது. மாடல் பெயரையும் தமிழ் எழுத்தாக மாற்றிக் குப்பையாக்கிவிடும்.

மாற்றிய பின் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோளாறு மிஞ்சும். "தொட்டி" என்பதில் வரும் ஒகரக் குறியைச் சில கருவிகள் ஒரே குறியாகப் போடும், சில கருவிகள் ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறியாகப் போடும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் "தொட்டி" என்று தேடினால் பாதி இடம் சிக்காமல் போகலாம். சோதிப்பது எளிது: நீங்களே அந்தச் சொல்லை அடித்துத் தேடுங்கள், கண் முன்னால் இருக்கிற சொல் தேடலில் வரவில்லை என்றால் இதுதான் காரணம். இரண்டு குறியாக இருப்பதையெல்லாம் ஒரு குறியாக மாற்றிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஓகாரத்தையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

## 4. ஆங்கிலமே நான்கு மாதிரி இருந்தால்

நினைவகம் ஆங்கில வாக்கியத்தை வைத்துத்தான் தேடும். எழுதியவர் ஒரே எச்சரிக்கையை இப்படி எழுதியிருப்பார்:

```
Do not run the pump dry.
Never run pump dry.
Avoid dry running.
Pump must not be operated without water.
```

மென்பொருளுக்கு இவை நான்கு வெவ்வேறு வாக்கியம். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் ஒற்றுமை இருப்பதாகவே அதற்குத் தெரியாது. அதனால் மொழிபெயர்க்கத் தொடங்கும் முன் இரண்டாம் பதிப்பின் ஆங்கிலத்தில் பாதுகாப்பு எச்சரிக்கைகளை மட்டுமாவது தேடி எடுத்து, ஒரே பொருள் கொண்டவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுதிய இன்ஜினியருக்கு அனுப்பி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இரண்டு மணி நேர வேலை. அடுத்தடுத்த பதிப்புகளில் இது மிச்சம் பிடிக்கிற அளவுக்கு வேறு எந்தப் படியும் மிச்சம் பிடிக்காது.

ஆங்கிலத்தைத் தொட முடியாது என்று சொல்லிவிட்டால் நான்குக்கும் ஒரே தமிழைக் கொடுங்கள். நினைவகத்தில் அதற்குத் தடை இல்லை. ஆங்கிலச் சொல்லமைப்புக்குத் தக்கபடி தமிழையும் மாற்றிக்கொண்டே போக வேண்டும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். மேனுவலில் அது தேவையில்லை, பொருள் ஒன்றென்றால் வாக்கியமும் ஒன்று.

## 5. வாக்கியம் எங்கே வெட்டப்படுகிறது

மென்பொருள் பத்தியை வாக்கியங்களாக வெட்டித்தான் ஜோடி சேர்க்கும். முற்றுப்புள்ளி, அடுத்து இடைவெளி என்றால் வெட்டும். அப்படியானால் `4 sq. mm` என்பதில் நடுவில் வெட்டிவிடக்கூடும். இதற்கு விதிவிலக்கு எழுதும் வசதி, ப்ராஜெக்ட்டின் `Segmentation` அமைப்பில் இருக்கிறது. மேனுவலில் வரும் சுருக்கங்களைப் பார்த்து முதலிலேயே சேர்த்துவிடுங்கள். பாதி வேலையில் விதியை மாற்றினால் வெட்டும் இடம் மாறி, அதுவரை சேர்த்த ஜோடிகளில் சில புது வெட்டோடு பொருந்தாமல் போகும். ஒரே கம்பெனியின் எல்லா மேனுவலுக்கும் ஒரே விதிதான் இருக்க வேண்டும்.

வரி அழகாக விழ வேண்டும் என்று யாராவது வாக்கியத்தின் நடுவில் என்டர் தட்டியிருந்தாலும் அங்கே வெட்டு விழும். `.docx`இல் அவற்றைக் கண்டுபிடித்து எடுத்துவிடுங்கள்.

## 6. ஜோடி சேர்த்தல்: அவசரமே வேண்டாம்

`Tools > Align Files` போய், முதல் பதிப்பின் ஆங்கிலத்தையும் தமிழையும் கொடுத்தால் மென்பொருள் தானே ஜோடி சேர்த்துக் காட்டும். அதை அப்படியே சேமித்துவிடுவதுதான் பார்த்தவற்றிலேயே பெரிய தப்பு. வரிவரியாகப் பார்க்க வேண்டும், குறுக்கு வழி கிடையாது.

காரணம், தமிழில் நாம் எழுதுகிற விதம். ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம்:

```
Switch off the supply.
Remove the cover.
```

நல்ல தமிழ் எழுதுபவர் இதை "மின் இணைப்பை நிறுத்திவிட்டு மூடியைக் கழற்றவும்" என்று ஒரே வாக்கியமாக எழுதியிருப்பார். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஜோடி சேர்க்கும்போது முதல் ஆங்கில வாக்கியத்துக்கு இந்த முழுத் தமிழும் போய் ஒட்டிக்கொள்ளும், இரண்டாவது அநாதையாக நிற்கும், அல்லது அதற்கடுத்த தமிழ் வாக்கியத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு வரி நழுவினால் அதற்குக் கீழே முழுப் பக்கமும் நழுவலாம்.

நழுவியது கண்ணுக்குத் தெரியும். நழுவாமல் ஒட்டியதுதான் ஆபத்து. அந்த முதல் வாக்கியம் புதிய மேனுவலில் கேபிள் இணைக்கும் பகுதியிலும் வருகிறது என்று வையுங்கள். அங்கேயும் நினைவகம் "மூடியைக் கழற்றவும்" என்று கூடவே போட்டுவிடும். அங்கே மூடியே இருக்காது.

இப்படிப்பட்ட இடங்களில் தமிழையே இரண்டாக உடைத்து எழுதுங்கள்: "மின் இணைப்பை நிறுத்தவும். மூடியைக் கழற்றவும்." கொஞ்சம் கட்டையாகத்தான் இருக்கும். மேனுவலுக்கு அது பரவாயில்லை என்பது என் முடிவு, படிப்படியாகச் செய்கிறவருக்கு ஒரு வரிக்கு ஒரு வேலை இருப்பதே நல்லது. உடைக்க மனமில்லை என்றால் அந்த ஜோடியை நீக்கிவிடுங்கள், தப்பான ஜோடி இருப்பதைவிட ஜோடியே இல்லாதது மேல்.

சரிபார்க்கும்போது மூன்றை மட்டும் குறிவைத்துப் பாருங்கள். எண்கள் இரண்டு பக்கமும் ஒன்றா, "வேண்டாம்", "கூடாது" போன்ற மறுப்பு இரண்டு பக்கமும் இருக்கிறதா, நீளத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறதா. ஆங்கிலம் நான்கு சொல், தமிழ் பதினான்கு சொல் என்றால் இரண்டு வாக்கியம் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

## 7. எந்த அறையில் எதை வைப்பது

புதிய பதிப்புக்குத் தனி ப்ராஜெக்ட் தொடங்குங்கள். ஃபோல்டர் இப்படி இருக்கும். சிலவற்றை மென்பொருளே உருவாக்கும், `tm` உள்ளே இருப்பவற்றை வேண்டியபடி நாமே உருவாக்கிக்கொள்ளலாம்:

```
borewell-v2/
  source/
  target/
  glossary/glossary.txt
  omegat/project_save.tmx
  tm/
    auto/
    penalty-010/
```

`auto` உள்ளே வைக்கும் நினைவகத்தில் அச்சு அசலாக அதே ஆங்கில வாக்கியம் இருந்தால், கேட்காமலே தமிழை நிரப்பிவிடும். அதனால் அங்கே போக வேண்டியது இன்ஜினியர் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட எச்சரிக்கைகளும் முழுதாகச் சரிபார்த்தவையும் மட்டும்தான்.

நேற்று ஜோடி சேர்த்த முதல் பதிப்பு நினைவகத்தை `penalty-010` உள்ளே வையுங்கள். முழுப் பொருத்தம் இருந்தாலும் 10 குறைத்து 90 என்று காட்டும். தானாக உள்ளே போகாது, நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் போகும். புதியவர்கள் எல்லாவற்றையும் `auto`வில் போட்டுவிட்டு, பாதி மேனுவல் ஒரே நிமிடத்தில் நிரம்பிவிட்டது என்று சந்தோஷப்படுகிறார்கள். அந்தப் பாதியை அப்புறம் யாரும் படித்துப் பார்ப்பதில்லை.

## 8. 60ஐவிட 95 ஆபத்து

முழுதாகப் பொருந்தாவிட்டாலும் ஏறக்குறைய ஒத்த வாக்கியத்தை மென்பொருள் எடுத்துக் காட்டும், பக்கத்தில் மூன்று விழுக்காடு எண்ணும் காட்டும். அதில் மூன்றாவதைப் பாருங்கள். எண்களையும் வடிவக் குறிகளையும் சேர்த்துக் கணக்கிடுவது அதுதான். வாக்கியத்தில் எண் மட்டும் மாறியிருந்தால் முன்னால் இருப்பது 100 என்றே காட்டக்கூடும்.

கூட வேலை செய்த தங்கை ஒருவர் இதில்தான் மாட்டினார். முதல் பதிப்பில் பம்பை போரின் அடியிலிருந்து 3 மீட்டர் மேலே நிறுத்தச் சொல்லியிருந்தது. இரண்டாம் பதிப்பில் 5 மீட்டர். மற்றபடி ஒரு எழுத்து மாறவில்லை. நினைவகம் பழைய தமிழைக் கொடுத்தது, அவர் முன்னால் இருந்த எண்ணைப் பார்த்து ஏற்றுக்கொண்டார், அச்சுக்குப் போகும் முந்தைய நாள் எண்களை மட்டும் தனியாக ஒத்துப் பார்த்தபோதுதான் சிக்கியது. 60 விழுக்காடு வந்திருந்தால் எப்படியும் வாக்கியத்தை முழுதாகப் படித்துத் திருத்தியிருப்பார். அதிகப் பொருத்தம் கண்ணைத் தூங்கவைத்துவிடுகிறது.

எண் மட்டும் இல்லை. ஒரு `not` சேர்ந்திருக்கும், `before` என்பது `after` ஆகியிருக்கும். தமிழில் மறுப்பு பெரும்பாலும் கடைசிச் சொல்லில்தான் தெரியும், "முன்", "பின்" என்பவை நடுவில் ஒளிந்திருக்கும், ஆகவே வாக்கியத்தின் கடைசிவரை படித்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள். தானாகச் செருகும் வசதியைப் போட்டிருந்தால் அப்படி வந்த வரியின் முன்னால் `[fuzzy]` என்று இருக்கும். முடித்ததும் `Ctrl+F` கொடுத்து அந்தச் சொல்லைத் தேடி, ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

## 9. ஒரே ஆங்கிலம், இரண்டு தமிழ்

எல்லாம் ஒரே மாதிரி வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன், இந்த இடத்தில் மட்டும் அது தப்பு. `Discharge` என்ற ஒற்றைச் சொல் அட்டவணைத் தலைப்பில் வந்தால் பம்ப் வெளியேற்றும் தண்ணீரின் அளவு. கெப்பாசிட்டர் பற்றிய பகுதியில் வந்தால் அதில் தேங்கிய மின்சாரத்தை இறக்குவது. `Check` தலைப்பில் "சோதனை", கட்டளையில் "சோதிக்கவும்".

ஒரே ஆங்கிலத்துக்கு ஒரு தமிழைக் கொடுத்ததும் மென்பொருள் அதையே எல்லா இடத்துக்கும் பரப்பிவிடும். வேறு தமிழ் வேண்டிய இடத்தில் நின்று `Edit > Create Alternative Translation` கொடுத்து எழுதினால் அந்த இடத்துக்கு மட்டும் மாறும். அட்டவணைகளையும் ஒற்றைச் சொல் தலைப்புகளையும் கடைசியில் தனியாக ஒரு முறை பாருங்கள், இந்தத் தப்பு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

## 10. திருத்தம் திரும்பி வர வேண்டும்

`Ctrl+D` கொடுத்தால் தமிழ்க் கோப்பு `target` ஃபோல்டருக்கு வரும். கூடவே ப்ராஜெக்ட் பெயரில் மூன்று நினைவகக் கோப்பும் வரும். OmegaTஇலேயே தொடரப் போகிறீர்கள் என்றால் `borewell-v2-omegat.tmx` என்று முடிவதை எடுத்து வையுங்கள்.

ஆனால் அன்றைக்கே எடுத்து வைத்து முடித்துவிடாதீர்கள். கோப்பு டிடிபிக்குப் போய், ப்ரூஃப் வந்து, சர்வீஸ் ஆட்கள் படித்து, நான்கு வார்த்தை மாற்றச் சொல்வார்கள். டிடிபி அண்ணன் தன் கோப்பில் மாற்றிவிடுவார். அச்சில் ஒன்று, நினைவகத்தில் வேறொன்று என்று பிரிவது சரியாக இந்த நாளில்தான். அடுத்த பதிப்பில் நினைவகம் பழையதையே கொடுக்கும், போன தடவையே மாற்றச் சொன்னோமே என்று கம்பெனியில் கேட்பார்கள்.

அதனால் டிடிபி செய்பவரிடம் முன்பே பேசி வையுங்கள்: "அண்ணா, ப்ரூஃபில் என்ன மாத்தினாலும் அந்தப் பேப்பரைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிடுங்க." வந்த ஒவ்வொரு திருத்தத்தையும் முதலில் OmegaTஇல் செய்யுங்கள். ஒரு இடத்தில் மாற்றினால் அதே வாக்கியம் வரும் மற்ற இடங்களும் மாறும், அந்த மற்ற இடங்களையும் பட்டியல் போட்டு அவருக்கு அனுப்புங்கள். அவர் கோப்பில் அவை தாமாக மாறாது. அச்சு முடிந்த பிறகு மறுபடி `Ctrl+D` கொடுத்து, அந்த நினைவகத்தைத் தேதி போட்டுச் சேமியுங்கள்.

இரண்டாம் பதிப்பு நினைவகம் வந்துவிட்டது என்று முதல் பதிப்பினுடையதை அழிக்க வேண்டாம். ஏற்றுமதியாகும் கோப்பில் இப்போதைய மேனுவலில் உள்ள வாக்கியங்கள் மட்டும்தான் இருக்கும். இந்தப் பதிப்பில் எடுத்துவிட்ட பகுதியை மூன்றாம் பதிப்பில் கம்பெனி திரும்பச் சேர்த்தால், அதன் தமிழ் பழைய நினைவகத்தில் மட்டுமே கிடைக்கும். மூன்றாம் பதிப்பு தொடங்கும்போது அச்சோடு ஒத்துப் பார்த்த இரண்டாம் பதிப்பு நினைவகம் `auto`வுக்குப் போகலாம், முதல் பதிப்பினுடையது `penalty-010`லேயே இருக்கட்டும்.